போர் நானூறு அடி: ஒரு எச்.பி. போதுமா, இரண்டு வேண்டுமா?

"ஏனுங்க, போர் நானூறு அடிங்க. மேல ஆயிரம் லிட்டர் டேங்க். ஒரு எச்.பி. போதுமுங்களா, ரெண்டு போட்டுக்கலாங்களா?"

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பம்பு கடைகளில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி நாள் முழுக்க வந்து விழும். பதிலும் தயாராக இருக்கும்: "ரெண்டே போட்டுக்கங்க, தொந்தரவு இருக்காது." கேட்டவர் நிம்மதியாகப் பணம் கட்டிவிட்டுப் போவார். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் மேலே ஏறத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியில் பம்பைத் தேர்ந்தெடுக்கத் தேவையான தகவல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நானூறு அடி என்பது ரிக் வண்டிக்காரருக்குக் கூலி கொடுத்த ஆழம். பம்புக்கு அந்த எண் பெரிதாக எதையும் சொல்லாது.

இந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒரு கடைக்காரர் இதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். வாங்கப் போகிற நமக்கும் அது தெரிந்திருந்தால் கல்லாவுக்கு முன்னால் நின்று தலையாட்ட வேண்டியிருக்காது.

முதலில் அவர் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று: "தண்ணி எத்தன அடியில நிக்குதுங்க?"

பம்பு போருக்குள் எவ்வளவு ஆழத்தில் தொங்கினாலும், அது தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் நீர்மட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. 300 அடியில் பம்பை இறக்கி, தண்ணீர் 120 அடியில் நின்றால், பம்பிலிருந்து 120 அடி வரை குழாய்க்கு வெளியே நிற்கும் தண்ணீரே உள்ளே உள்ள தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேலே உள்ள தூரத்துக்குத்தான் மோட்டார் உழைக்க வேண்டும். இந்தத் தூக்கும் உயரத்தைத்தான் கடையில் 'ஹெட்' என்கிறார்கள். ஆழமான போருக்குப் பெரிய எச்.பி. என்று ஊரில் நிலவும் கணக்கு இந்த இடத்திலேயே பிசகிவிடுகிறது. பக்கத்து வீட்டில் 600 அடி போர் இருந்து, நீர்மட்டம் 100 அடியில் நின்றால், உங்கள் 400 அடி போரைவிட அதற்குக் குறைந்த ஹெட் போதும்.

நீர்மட்டத்தை அளப்பது கடினமில்லை. காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு, ஒரு மெல்லிய கயிற்றில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிப் போருக்குள் விட்டால் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். நனைந்த இடம் வரை கயிற்றை அளந்தால் போதும். புதிதாகப் பம்பு இறக்கும் நாளில் உள்ளே ஒன்றும் இல்லாததால் இது இன்னும் எளிது. நம் வாடிக்கையாளர் அளந்து வந்து 120 அடி என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் இன்னும் நாற்பது அடி இறங்குமாம்.

ஆனால் இந்த 120 அடியும் முழு விடை அல்ல. பம்பு ஓட ஓட மட்டம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது போரில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டாவது கேள்வி: "எத்தன இன்ச் தண்ணி வந்துச்சுங்க?"

போர் போட்ட அன்று ரிக் வண்டிக்காரர் 'ஒரு இன்ச்', 'ரெண்டு இன்ச்' என்று சொல்லியிருப்பார். வெளியேறும் தண்ணீரை 'வி' வடிவ வெட்டு உள்ள தகட்டின் வழியே விட்டு, அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பதிலிருந்து வந்த கணக்கு இது. இதில் பலரும் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு இன்ச் என்பது ஒரு இன்ச்சின் இரண்டு மடங்கு அல்ல. வெட்டு மேலே போகப் போக அகலமாவதால் அளவு வேகமாகக் கூடும். வெட்டு 90 பாகை கோணத்தில் இருந்தால் ஒரு இன்ச் என்பது மணிக்குச் சுமார் 500 லிட்டர். ஒன்றரை இன்ச் சுமார் 1,400 லிட்டர். இரண்டு இன்ச் என்றால் 2,900 லிட்டருக்குப் பக்கத்தில். கண் மதிப்பாகச் சொன்ன அரை இன்ச் வித்தியாசம், மணிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் வித்தியாசமாகிவிடலாம். தகடு வைத்து அளந்தாரா, பார்த்தே சொன்னாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

நம் வாடிக்கையாளரின் போரில் ஒன்றரை இன்ச். அதாவது நிமிடத்துக்கு 23 லிட்டர். அதுவும் முழுவதும் ஊதி வெளியேற்றியபோது ஊறிய அளவு. மட்டம் மேலே நிற்கும்போது ஊற்று அவ்வளவு வேகமாக வராது. சராசரியாகப் பாதி வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இது உத்தேசம்தான், பாறையில் ஊற்றுக்கண் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து மாறும். இந்த உத்தேசத்தைப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆறரை இன்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கும், பைப் அடைத்துக்கொள்ளும் இடம் போக. நான்கரை இன்ச் போரில் இதில் பாதிகூட இருக்காது. ஆயிரம் லிட்டர் டேங்கை நிமிடத்துக்கு 26 லிட்டர் வீதம் நிரப்ப 38 நிமிடம் ஆகும். அதற்குள் ஊறி வருவது 440 லிட்டர். மிச்சம் 560 லிட்டர் போரில் தேங்கியிருந்த தண்ணீரிலிருந்து போகிறது. அதை ஆறால் வகுத்தால் மட்டம் 93 அடி இறங்கும். 120 அடியில் தொடங்கியது 213 அடியில் முடியும். 220 என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் 260.

இனி ஹெட் கணக்கு எளிது. ஓடும்போது நீர்மட்டம் 220 அடி. தரையிலிருந்து மாடி டேங்கின் வாய் வரை 35 அடி. குழாய்க்குள் உரசலால் இழப்பது, ஒன்றேகால் இன்ச் பைப் என்றால், வளைவுகளையும் சேர்த்து ஐந்து அடி. மொத்தம் 260 அடி. பம்பு அட்டவணைகள் மீட்டரில் இருக்கும் என்பதால் 3.28 ஆல் வகுத்தால் 79 மீட்டர். வெயில் காலத்துக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர். ஒரு இன்ச் பைப்பில் காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் உரசல் ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஆகவே கேள்வி இப்போது மாறிவிட்டது. ஒரு எச்.பி.யா இரண்டா என்பது போய், 79 முதல் 91 மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு 20 முதல் 26 லிட்டர் தரும் பம்பு எது என்று ஆகிவிட்டது. இதற்கு அட்டவணையில் விடை இருக்கிறது.

சப்மெர்சிபிள் பம்புக்குள் இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஸ்டேஜ். ஏணிப்படிகளில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றி மேலே அனுப்புவதுபோல, ஒவ்வொரு ஸ்டேஜும் தண்ணீரைத் தன் பங்குக்குக் கொஞ்சம் உயர்த்திவிடும். ஸ்டேஜ் கூடினால் எட்டும் உயரம் கூடும். மோட்டாரின் சக்தி அதேதான் என்பதால், உயரம் கூடும்போது வரும் தண்ணீரின் அளவு குறைய வேண்டும். அதனால் 'ஒரு எச்.பி. பம்பு' என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. பத்து ஸ்டேஜிலும் ஒரு எச்.பி. உண்டு, பதினைந்திலும் உண்டு. இரண்டும் ஒரே நீளப் பெட்டியில்கூட வராது.

இந்த வகைப் பம்புகளின் அட்டவணை எப்படி இருக்கும் என்பதற்கு, நடைமுறைக்கு ஒத்த ஓர் உதாரணம். பத்து ஸ்டேஜ் ஒரு எச்.பி. பம்பு 30 மீட்டரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும், 50 மீட்டரில் 42 தரும், 72 மீட்டரில் தண்ணீரே வராது. பதினைந்து ஸ்டேஜ் ஒரு எச்.பி. பம்பு 60 மீட்டரில் 36 லிட்டர், 80 மீட்டரில் 26, 90 மீட்டரில் 20 தந்து, 110 மீட்டரில் நின்றுவிடும். நம் வாடிக்கையாளர் 'ஒரு எச்.பி.' என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்து, கடையில் பத்து ஸ்டேஜ் பம்பை எடுத்துக் கொடுத்திருந்தால், மோட்டார் பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும், டேங்க் நிரம்பாது. 'ஒரு எச்.பி. பத்தல' என்ற முடிவுக்கு அவர் வந்து, ஊருக்கெல்லாம் அதையே சொல்வார். அந்த எச்.பி.யின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 'அதிகபட்ச ஹெட் 110 மீட்டர்', 'அதிகபட்ச டிஸ்சார்ஜ் 50 லிட்டர்' ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல என்பதைக் கடைக்காரர் விளக்கியே ஆக வேண்டும். அந்த 110 மீட்டரில் டிஸ்சார்ஜ் பூஜ்யம். அந்த 50 லிட்டர் கிடைப்பது தாழ்ந்த உயரத்தில். விளம்பரம் இரண்டு நுனிகளையும் காட்டும். நாம் வாழ்வது நடுவில். ஐ.எஸ். 8034 தரத்தின்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பம்பு என்றால், பெயர்த்தகட்டில் எந்த ஹெட்டில் எவ்வளவு டிஸ்சார்ஜ் என்பது பொறித்திருக்கும். நமக்கு வேண்டிய ஹெட் அந்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். நுனியில் இருக்கும் பம்பை வாங்கினால் வெயில் காலத்தில் கைவிட்டுவிடும்.

சரி, இரண்டு எச்.பி. போட்டால் என்ன கெடுதல்? பணம் கூடுதல் என்பதை விடுங்கள். அதே 80 மீட்டரில் அது நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் அளவுக்குத் தள்ளும். டேங்க் இருபது நிமிடத்தில் நிரம்பும். அந்த இருபது நிமிடத்தில் ஊறி வருவது 220, 230 லிட்டர்தான். மீதி 780 லிட்டர் தேக்கத்திலிருந்து போக, மட்டம் 130 அடி இறங்கும். மழைக்காலத்தில் 250 அடியில் முடிந்துவிடும், சிக்கலில்லை. வெயில் காலத்தில் 160 அடியில் தொடங்கி 290 அடிக்குப் போகும். பம்பு தொங்குவது 300 அடியில். ஊற்று இன்னும் கொஞ்சம் சுணங்கினால் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கும். குழாயில் தண்ணீர் விட்டு விட்டு, புஸ் புஸ் என்று காற்றோடு வருவது இதன் அடையாளம். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதன் உடலைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது நின்றுவிட்டால் பம்பின் புஷ்கள் காய்ந்து தேயும், பிறகு காயில் எரியும். ரீவைண்டிங் கடைக்கு வரும் மோட்டார்களில் கணிசமானவை இப்படி வந்தவை. வாரண்டி அட்டையைப் புரட்டினால், தண்ணீரில்லாமல் ஓடியதற்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும்.

அப்படியானால் பெரிய பம்பு என்பது பாதுகாப்பான தேர்வு அல்ல. குறைவாக ஊறும் போருக்கு அதுதான் ஆபத்தான தேர்வு. 'தொந்தரவு இருக்காது' என்ற பதிலில் எனக்கு உள்ள வருத்தம் இதுதான்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது? நம் வாடிக்கையாளர் வீட்டில் இரவு ஏழு மணிக்கு 200 வோல்ட். பல தயாரிப்புகளின் பெட்டியில் 180 முதல் 240 வோல்ட் வரை ஓடும் என்று அச்சிட்டிருப்பார்கள். 200 அதற்குள்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எண் மோட்டாரிடம் போய்ச் சேர வேண்டிய வோல்டேஜ். பேனல் போர்டிலிருந்து போரின் வாய் வரையிலும் 50 அடி, உள்ளே 300 அடி, ஆக 350 அடி கேபிளில் கொஞ்சம் தொலைந்துபோகும். ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளில் இந்தத் தூரத்துக்கு 23 வோல்ட் இழப்பு. 200 என்பது 177 ஆகிவிடும், எல்லைக்குக் கீழே. இரண்டரை சதுர மில்லிமீட்டர் கேபிளில் இழப்பு 14 வோல்ட், 186 மிஞ்சும். இதே இடத்தில் இரண்டு எச்.பி. மோட்டார் இருந்தால் 15 ஆம்பியர் அளவுக்கு இழுத்து, இழப்பையும் இரட்டிப்பாக்கியிருக்கும்.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் மோட்டாரின் திருகுவிசை நிறையக் குறையும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை அறுபது சதவீதமாகிவிடும். கிளம்பும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கரண்டை இழுக்கும் என்பதால், அப்போது கேபிளில் இழப்பும் அதே மடங்கில் கூடும். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே நின்று, பேனலில் ஆம்பியர் முள் இறங்காமல் இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதற்கு ஸ்டெபிலைசர் தேடுவதற்கு முன் செய்யக்கூடிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு: வோல்டேஜ் நன்றாக வரும் விடியற்காலையில் டேங்கை நிரப்பிவிடுவது.

இவ்வளவும் கேட்டுக் கணக்குப் போட்டபின், கடைக்காரர் தர வேண்டிய பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பில்லோடு சேர்த்துக் கொடுத்தால் இப்படி இருக்கும்:

"உங்களுக்கு ஒரு எச்.பி., 15 ஸ்டேஜ், நான்கு இன்ச் சப்மெர்சிபிள் போதுமுங்க. ரெண்டு எச்.பி. வேண்டாம். 300 அடியில் இறக்குங்க. ஒன்னேகால் இன்ச் பைப், ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். கேபிள் போடுங்க. இப்ப நிமிசத்துக்கு 26 லிட்டர் வரும், டேங்க் ரொம்ப 40 நிமிசம் ஆகும். வெயில் காலத்துல 20 லிட்டர்தான் வரும், 50 நிமிசம் ஆகும். அது பம்போட கோளாறு இல்லைங்க. தண்ணி 120 அடியில நிக்குது, ஒன்றரை இன்ச் ஊறுதுங்கறத நம்பித்தான் இந்தக் கணக்கு. மொத நாள் டேங்க் ரொம்புனதும் நீர்மட்டத்த அளந்து பாருங்க. 250 அடிக்குக் கீழ போயிருந்தா எனக்குச் சொல்லுங்க. அப்ப ஒரே ஓட்டமா ஓட்டாம, அரை டேங்க் ரொப்பி, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டணும். தண்ணி இல்லாம ஓடுனா தானா நிக்கற பேனல் போர்டு கட்டாயம் வேணுங்க. ராத்திரி 195 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா மோட்டார் போடாதீங்க. பின்னாடி மாடி எடுத்துக் கட்டுனாலோ, தோட்டத்துக்கும் பாய்ச்சணும்னாலோ இந்தக் கணக்கு செல்லாது, வந்து கேளுங்க."

இந்தச் சீட்டில் பரிந்துரை முதல் வரியிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் தானே முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று நான்கு மாடல்களைப் பரப்பி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அதே சமயம் எந்த அளவுகளை நம்பிச் சொன்னார், அவை மாறினால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. வைகாசியில் தண்ணீர் குறையும்போது வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார். வந்தாலும் சீட்டை எடுத்துக் காட்டலாம். வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் கேட்டால் சொல்ல முடியும், ஏனென்றால் கணக்கு கையில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இந்தச் சீட்டால் தீர்க்க முடியாது. தண்ணீரோடு மணல் வரும் போர் என்றால் இம்பெல்லர்கள் தேய்ந்து, முதல் வருடம் 26 லிட்டர் தந்த பம்பு மூன்றாம் வருடம் 15 தரும். அப்போதும் ஸ்டேஜும் எச்.பி.யும் மாறியிருக்காது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீரின் அடியில் மணல் படிகிறதா என்று பார்த்து, படிந்தால் பம்பு வாங்குவதற்கு முன்பே போரை நன்றாக ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்த முறை பம்பு வாங்கப் போகும்போது நான்கு எண்களை எழுதிக்கொண்டு போங்கள்: காலையில் நீர்மட்டம், ரிக் வண்டிக்காரர் சொன்ன இன்ச், டேங்கின் உயரம், சாயங்கால வோல்டேஜ். கடைக்காரரிடம் எச்.பி. கேட்காமல், ஹெட்டுக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும் அட்டவணையைக் கேளுங்கள். காட்ட மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.